கம்பங்கூழும் பாதிக் கணக்கும்

"ராத்திரி ஊறப்போட்டு, காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் ஃபைட்டிக் அமிலம் போய்விடும்; அப்புறம் தானியத்தில் இருக்கும் இரும்பு, துத்தநாகம் எல்லாம் உடம்பில் ஒட்டும்." சிறுதானியம் பற்றிப் பேசுகிற எல்லோரும் இதைச் சொல்கிறார்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வருகிறது, கடையில் வாங்கும் சத்துமாவுப் பொட்டலத்தின் முதுகிலும் இருக்கிறது. இது பொய் என்று ஒதுக்கவும் முடியாது, உண்மை என்று அப்படியே விடவும் முடியாது. ஊறினால் கொஞ்சம் குறையும், முளைகட்டினால் இன்னும் குறையும், புளிக்கவைத்தால் மேலும் குறையும். எவ்வளவு குறைந்தால் பலன் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. நூறு இருந்த இடத்தில் ஐம்பது ஆகிவிட்டால், இரும்பு உட்கிரகிப்பும் பாதி தூரம் மேலே வந்துவிடுமா? வராது. ஆனால் துத்தநாகத்துக்கு அந்தப் பாதியே பெரிய வித்தியாசம். ஒரே கூழ், ஒரே பக்குவம், இரண்டு தாதுக்களுக்கு இரண்டு விதமான முடிவு. கம்பை எடுத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

ஃபைட்டிக் அமிலம் தானியத்தில் இருக்கும் வடிவம்தான் ஃபைட்டேட்; விதை தன் குட்டிக்குக் கட்டிவைத்த பாஸ்பரஸ் மூட்டை அது. ஒரு சின்ன வளையம், அதைச் சுற்றி ஆறு பாஸ்பேட் கைகள். அந்தக் கைகளில் எதிர்மின்னூட்டம் இருப்பதால் நேர்மின்னூட்டம் உள்ள இரும்பு, துத்தநாகம், கால்சியம் எது பக்கத்தில் வந்தாலும் பிடித்துக்கொள்ளும். நம் குடலில் அந்தக் கைகளை வெட்டிவிடும் நொதி பெயருக்குத்தான் இருக்கிறது. அதனால் பிடிபட்ட இரும்பு பிடிபட்டபடியே வெளியே போய்விடுகிறது. வேகவைப்பதால் ஃபைட்டேட் பெரிதாக அழிவதும் இல்லை. குக்கரில் எத்தனை விசில் விட்டாலும் பெரும்பகுதி அப்படியே இருக்கும். அதை வெட்டும் கத்தி விதைக்குள்ளேயே இருக்கிறது. ஃபைட்டேஸ் என்ற அந்த நொதி, விதை முளைக்கும்போது மூட்டையை அவிழ்ப்பதற்காக வைக்கப்பட்டது. ஊறவைப்பது, முளைகட்டுவது, புளிக்கவைப்பது மூன்றுமே அந்தக் கத்தியை வேலை செய்யவைக்கும் வழிகள்தான்.

மூட்டை எங்கே இருக்கிறது என்பது தானியத்துக்குத் தானியம் மாறும். அரிசியில் பெரும்பாலும் தவிட்டில். அதனால்தான் தீட்டிய அரிசியில் ஃபைட்டேட் குறைவு. ஆனால் இரும்பும் அதே தவிட்டோடு போய்விட்டிருக்கும். கம்பில் தவிட்டிலும், மற்றச் சிறுதானியங்களைவிடப் பெரிதான அதன் முளைக்கருவிலும் இருக்கிறது. பருப்பு வகைகளில் தோலில் இல்லை, உள்ளே இருக்கும் இரண்டு பருப்பிலேயே பரவிக்கிடக்கிறது. தோலை நீக்கி உடைத்த பருப்பில் ஃபைட்டேட் போய்விட்டது என்று நினைப்பது தவறு. எடைக்கு எடை பார்த்தால் கொஞ்சம் கூடத்தான் செய்யும்.

கணக்கு

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட அட்டவணைப்படி 100 கிராம் கம்பில் இரும்பு சுமார் 6.4 மில்லிகிராம், துத்தநாகம் சுமார் 2.8, ஃபைட்டேட் சுமார் 485. ரகத்துக்கும் மண்ணுக்கும் தக்கபடி இவை மாறும். கணக்கின் போக்கைப் பார்க்க இது போதும். மில்லிகிராமை நேரடியாக ஒப்பிடுவதில் பயன் இல்லை. எத்தனை ஃபைட்டேட் மூலக்கூறுக்கு எத்தனை இரும்பு அணு என்பதுதான் கேள்வி, ஆகவே ஒவ்வொன்றையும் அதன் மூலக்கூறு எடையால் வகுக்க வேண்டும். ஃபைட்டேட்டுக்கு 660, இரும்புக்கு 56, துத்தநாகத்துக்கு 65.

485 ÷ 660 = 0.73. இரும்பு 6.4 ÷ 56 = 0.114. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 6.4 வருகிறது. அதாவது ஒவ்வோர் இரும்பு அணுவுக்கும் ஆறுக்கு மேல் ஃபைட்டேட் மூலக்கூறுகள் காத்துக்கொண்டிருக்கின்றன. இரும்பு உட்கிரகிப்பில் கவனிக்கத்தக்க முன்னேற்றம் வேண்டுமானால் இந்த விகிதம் 1-க்குக் கீழே இறங்க வேண்டும், 0.4-க்குக் கீழே வந்தால் நல்லது என்பது இத்துறையில் பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. துத்தநாகத்துக்கு 2.8 ÷ 65 = 0.043, விகிதம் 17. இங்கே எல்லைக்கோடு வேறு. 15-க்கு மேல் இருந்தால் உட்கிரகிப்பு மோசம், 5-இலிருந்து 15 வரை நடுத்தரம், 5-க்குக் கீழே நல்லது.

இப்போது பாதியைக் குறையுங்கள். துத்தநாக விகிதம் 17-இலிருந்து எட்டரைக்கு வந்துவிடுகிறது. மோசம் என்ற படியிலிருந்து நடுத்தரப் படியின் நடுவுக்கே வந்தாயிற்று. இரும்பு விகிதம் 6.4-இலிருந்து 3.2. இன்னும் கோட்டுக்கு வெகு மேலே. முக்கால்வாசியை நீக்கினாலும் 1.6-தான். 1-ஐத் தொட சுமார் 85 சதவீதம் போக வேண்டும், 0.4-க்கு 94 சதவீதம். எந்த வீட்டிலும் வெறும் ஊறலால் இது நடக்காது.

இந்தக் கோடு காகிதத்தில் கிழித்தது இல்லை. 1989-ல் வெளியான ஹால்பெர்க் குழுவின் ஆய்வில், ஃபைட்டேட் நீக்கிய கோதுமை ரொட்டியில் அளந்து அளந்து ஃபைட்டேட்டைச் சேர்த்து, மனிதர்களுக்குக் கொடுத்து இரும்பு உட்கிரகிப்பை அளந்தார்கள். ஃபைட்டேட்டில் உள்ள பாஸ்பரஸ் அளவாகச் சொன்னால், 2 மில்லிகிராம் சேர்த்ததற்கே உட்கிரகிப்பு 18 சதவீதம் குறைந்தது. 25 மில்லிகிராமுக்கு 64 சதவீதம். அதற்குப் பிறகு பத்து மடங்காக்கி 250 மில்லிகிராம் சேர்த்தும் 82 சதவீதம்தான். படியில் முதல் இரண்டு அடிக்குள்ளேயே விழ வேண்டியதெல்லாம் விழுந்துவிடுகிறது, அப்புறம் தரை. இதைத் திருப்பிப் படித்தால் நம் சமையலறைக்கு வருகிறது. 250-ஐ 125 ஆக்கினால் இன்னும் தரையில்தான் இருக்கிறோம். கடைசிச் சொட்டை நீக்கும்போதுதான் இரும்பு மேலே ஏறுகிறது.

துத்தநாகத்தின் பக்கம் பார்த்தால் பழைய கதை ஒன்று உண்டு. 1961-ல் ஈரானின் ஷிராஸ் நகரில் ஆனந்த பிரசாத் என்ற இந்திய வம்சாவளி மருத்துவரும் கூட்டாளிகளும், வயதுக்கு வந்தும் சிறுவர்களாகவே நின்றுவிட்ட கிராமத்து இளைஞர்களைப் பற்றி எழுதினார்கள். புளிக்காத முழுக்கோதுமை ரொட்டிதான் அவர்களுடைய பிரதான உணவு, கூடவே மண் தின்னும் பழக்கமும் இருந்தது. மனிதனுக்குத் துத்தநாகக் குறைபாடு வரும் என்ற அறிவே அங்கிருந்து தொடங்கிய தேடலில்தான் பிறந்தது. மாவு புளிப்பதும் புளிக்காததும் சுவை விஷயம் மட்டும் இல்லை என்று அந்தத் தேடலில் தெரிந்தது.

முழு மணி ஊறினால் என்ன நடக்கிறது

ஊறவைத்த முழு மணிக்குள் நொதி ஓர் அறையில், ஃபைட்டேட் இன்னோர் அறையில் இருக்கும். தண்ணீர் உள்ளே போனாலும் சுவர்கள் உடைவதில்லை. கொஞ்சம் ஃபைட்டேட் கரைந்து வெளியே தண்ணீருக்கு வரும். ஆனால் அதே தண்ணீருக்கு இரும்பும் வரும். 2005-ல் வெளியான ஓர் ஆய்வில் கம்பு, மக்காச்சோளம், அரிசி, சோயா போன்றவற்றை முழுதாக 24 மணி நேரம் 30 டிகிரி செல்சியஸில் ஊறவைத்துப் பார்த்தார்கள். ஃபைட்டேட் குறைந்தது. ஆனால் இரும்பும் கசிந்துபோனதால் ஃபைட்டேட்-இரும்பு விகிதம் முன்னேறவில்லை. துத்தநாக விகிதம் மட்டும் கொஞ்சம் இறங்கியது. ஊறிய தண்ணீரைக் கொட்டச் சொல்லும் அறிவுரை இந்த இடத்தில்தான் இடறுகிறது. கொண்டைக்கடலைத் தண்ணீரைக் கொட்டுவதற்கு வயிற்று உப்புசம் ஒரு நல்ல காரணம், அதைக் கொட்டுங்கள். கம்புத் தண்ணீரைக் கொட்டுவதால் இரும்புக்குப் பலன் என்று நினைத்தால், கையில் இருந்ததையும் கொட்டியதாகத்தான் ஆகும்.

மணியை உடைத்து மாவாக்கி நனைத்தால் கதை மாறும். சுவர் இல்லை, கத்தியும் மூட்டையும் ஒரே பாத்திரத்தில் கலந்துவிடுகின்றன. பிறகு அந்த நொதிக்கு வேண்டியது மூன்று: லேசான புளிப்பு, மிதமான சூடு, அடுப்பில் ஏறும்முன் போதிய நேரம். தானிய ஃபைட்டேஸ் கார அமில எண் 5-இலிருந்து 5.5 வரையிலும், 45-இலிருந்து 55 டிகிரி வரையிலும் சுறுசுறுப்பாக வெட்டும். வெறும் தண்ணீரில் கரைத்த மாவு 6-க்கு மேலே இருக்கும். அங்கே அது மந்தம். புளிப்பு ஏறும்போதுதான் வேகம் பிடிக்கும். கூழ் மாவைப் புளிக்கவைப்பதில் புளிப்புக் கிருமிகளின் முக்கிய வேலை இதுதான். அவையே ஃபைட்டேட்டைத் தின்றுவிடுவது குறைவு. தானியத்தின் கத்தி வெட்டுவதற்கு ஏற்ற புளிப்பை அவை அமைத்துக்கொடுக்கின்றன.

இன்னொரு சிக்கல் உண்டு. கம்பு, சோளம், கேழ்வரகு, அரிசி ஆகியவற்றில் கத்தியே கொஞ்சம்தான். கோதுமையிலும் ரை என்ற தானியத்திலும் பார்லியிலும் நிறைய. ஆகவே புளிக்கவைக்கும் கம்பு மாவில் ஒரு பங்கு முழுக்கோதுமை மாவைக் கலப்பது கடன் வாங்கிய கத்தியால் வெட்டுவது மாதிரி. குழந்தை உணவுகளில் இதைச் சோதித்திருக்கிறார்கள். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு முழுக்கோதுமையோ ரையோ சேர்த்து, புளிப்பையும் சூட்டையும் நொதிக்கு ஏற்றபடி வைத்தால், ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே ஃபைட்டேட் ஏறக்குறைய முழுதாகப் போய்விட்டது. சமையலறையில் சூட்டை அவ்வளவு துல்லியமாகப் பிடிக்க முடியாது, அதனால் நேரத்தைக் கூட்டிக்கொள்கிறோம். எண்பத்தைந்து சதவீதத்தை நெருங்க வீட்டில் இருக்கும் நடைமுறை வழி என்று நான் நம்புவது இதை ஒன்றைத்தான்.

ஒரு கூழ், அளவோடு

கம்பு 200 கிராம். தண்ணீர் தெளித்து, பத்து நிமிடம் விட்டு, உரலில் குத்தி, உமியைப் புடைத்தெடுங்கள். தவிடு கொஞ்சம் போகும், முளைக்கரு தங்கும். குத்திப் புடைத்துக் கடையில் விற்பதை வாங்கினாலும் சரிதான். தூசு போகக் கழுவி, மணி மூழ்கும் அளவு மட்டும் தண்ணீர் விட்டு எட்டு மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரோடேயே ரவை பதத்துக்கு அரையுங்கள். ரொம்ப நைசாக வேண்டாம், ரொம்பக் குருணையாகவும் வேண்டாம். குருணைக்குள் சுவர் உடையாத அறைகள் மிச்சம் இருக்கும். மிக்ஸி ஜார் தொட்டால் சுடும் அளவுக்கு ஓடவிடாமல் விட்டு விட்டு ஓட்டுங்கள். காய்ந்த மாவில் தொடங்குவதானால் அரைத்து ஓரிரு நாளுக்குள் பயன்படுத்துங்கள். கம்பில் எண்ணெய்ப் பசை அதிகம். மாவு சீக்கிரம் கசந்துவிடும்.

இதில் 20 கிராம், அதாவது குவித்த இரண்டு மேசைக்கரண்டி, முழுக்கோதுமை மாவு. மில்லில் புதிதாக அரைத்ததாக, வறுக்காததாக இருக்க வேண்டும். மைதா உதவாது, நொதி தவிட்டோடு போய்விட்டிருக்கும். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கும் வீட்டில் இந்த வழி கிடையாது. அவர்கள் கம்பை முளைகட்டி அரைத்துச் சேர்த்துக்கொள்ளலாம், பலன் குறைவாக இருக்கும். பிறகு அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர். விரலை விட்டால் நன்றாகச் சுட வேண்டும், ஆனால் எடுக்காமல் வைத்திருக்க முடிய வேண்டும். அது 45 டிகிரிக்குப் பக்கம். முந்தைய கூழ்மாவின் புளித்த தண்ணீர் இரண்டு கரண்டி விடுங்கள். அது இல்லாவிட்டால் முதல் தடவைக்கு ஒரு கரண்டி புளித்த மோர். கலக்கி மூடி, பழைய போர்வை சுற்றி வையுங்கள். முதல் மூன்று நான்கு மணி நேரம் சூடு தங்கினால் நொதி அதிகம் வெட்டும். அதன்பின் சூடு ஆறினாலும் புளிப்பு வேலையைத் தொடரும். மொத்தம் பன்னிரண்டிலிருந்து பதினாறு மணி நேரம்.

அப்புறம் அடுப்பு. ஒரு லிட்டர் தண்ணீரில் 50 கிராம் அரிசி நொய்யை வேகவிட்டு, நொய் மலர்ந்ததும் புளித்த மாவைக் கிளறியபடியே ஊற்றுங்கள். மேலே தெளிந்து நிற்கும் தண்ணீரையும் சேர்த்துத்தான். கசிந்த இரும்பு அதில் இருக்கிறது. சின்னத் தீயில் பதினைந்து இருபது நிமிடம். ஈரக் கையால் தொட்டால் ஒட்டக் கூடாது. ஆறியதும் மேலே தண்ணீர் ஊற்றி இரவு வைத்து, காலையில் உப்பும் மோரும் விட்டுக் கரைப்பது வழக்கம். இந்த இரண்டாவது இரவில் புளிப்பும் மணமும் கூடும், சுவை கூடும். ஆனால் தானியத்தின் கத்தி அடுப்பிலேயே செத்துப்போயிற்று. கூழ் பழசாக ஆக ஃபைட்டேட் குறைந்துகொண்டே போகும் என்பது சரியில்லை. குறைய வேண்டியதன் பெரும்பகுதி மாவாக இருந்த முதல் இரவிலேயே குறைந்துவிடும். மாவைப் புளிக்கவிடாமல் நேராகக் காய்ச்சி, காய்ச்சிய கூழை மட்டும் புளிக்கவைக்கும் வீடுகள் இந்தக் கணக்கில் பெரும்பாலானதை இழந்துவிடுகின்றன.

எங்கே கெடுகிறது

முதல் குற்றவாளி வாணலி. தானியத்தை மணக்க மணக்க வறுத்து அரைத்த மாவில் நொதி உயிரோடு இல்லை. அதை எத்தனை மணி நேரம் ஊறவைத்தாலும் புளிக்கவைத்தாலும் வெட்ட ஆள் இல்லை. சத்துமாவில் முளைகட்டிய தானியம் என்று போட்டிருந்தாலும் வறுத்தபின் அது முளை விட்ட அளவுக்குக் குறைந்ததோடு நின்றுவிட்ட மாவு. வறுத்த மாவுதான் கையில் இருக்கிறது என்றால், மேலே சொன்ன பச்சைக் கோதுமை மாவைச் சேர்த்துப் புளிக்கவைத்து மீட்கலாம். கொதிக்கும் தண்ணீரை மாவில் ஊற்றுவதும் வறுப்பதும் ஒன்றுதான்.

இரண்டாவது சோடா உப்பு. பருப்பு சீக்கிரம் வேகட்டும் என்று ஊறும் தண்ணீரில் சோடா போட்டால் தண்ணீர் காரமாகிவிடும். ஃபைட்டேஸ் புளிப்புப் பக்கம் வேலை செய்யும் நொதி. மூன்றாவது குளிர்பெட்டி. ஊறப்போட்ட மாவைக் கெட்டுவிடும் என்று பயந்து உள்ளே வைத்தால் நேரம் ஓடும், வேலை ஓடாது. மார்கழியில் வெளியே வைத்தாலும் பாதி கதை இதுதான். அப்போது ஒரு நாள் முழுக்க விட வேண்டியிருக்கும்.

வீட்டில் ஃபைட்டேட்டை அளக்க வழி இல்லை. புளிப்பை மட்டும் அளக்கலாம். நல்ல மாவு மோர்வாசனையோடு, மேலே சின்னக் குமிழ்களோடு, நாக்கில் சுத்தமான புளிப்பாக இருக்கும். ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் கிடைக்கும் அமிலத் தாளில் ஒரு சொட்டு வைத்தால் 4-க்கும் 5-க்கும் நடுவே காட்டும். பன்னிரண்டு மணி நேரம் கழித்தும் புளிப்பு இல்லை என்றால் நொதிக்கு வேண்டிய இடம் அமையவில்லை. அழுகல் வாடை, இளஞ்சிவப்பு அல்லது கறுப்புப் படலம் இருந்தால் தயங்காமல் கொட்டிவிடுங்கள்.

கேழ்வரகு இதே பாதையில் வந்தாலும் அதே முடிவுக்கு வராது. அதன் சிவந்த தோலில் இருக்கும் துவர்ப்புப் பொருள்கள் இரும்பைத் தாமும் பிடிக்கும், ஃபைட்டேஸ் நொதியையும் மந்தமாக்கும். புளிக்கவைத்த கேழ்வரகுக் கூழில் துத்தநாகத்துக்குப் பலன் எதிர்பார்க்கலாம். இரும்புக்கு அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். கால்சியத்துக்கோ இந்த ஃபைட்டேட் கவலையே தேவையில்லை. 100 கிராம் கேழ்வரகில் ஃபைட்டேட் சுமார் 306, கால்சியம் சுமார் 364 மில்லிகிராம். மேலே போட்ட அதே கணக்கைப் போட்டால் விகிதம் 0.05-தான். கால்சியத்துக்குச் சொல்லப்படும் கோடு 0.24. ஃபைட்டேட்டுக்குப் பயந்து கேழ்வரகின் கால்சியத்தைச் சந்தேகிப்பவர்கள் இந்த ஒரு வகுத்தலைச் செய்து பார்க்கலாம்.

முளையும் இட்லியும்

முளைகட்டுவது பருப்பு வகைகளுக்கு நல்ல வழி, ஏனென்றால் விதையே நொதியைப் புதிதாக உண்டாக்குகிறது. ஆனால் அதற்கு நாள் வேண்டும். பச்சைப் பயறு எட்டு மணி நேரம் ஊறி, துணியில் கட்டி ஒரு ராத்திரி வைத்து, வெள்ளைப் புள்ளி எட்டிப்பார்த்ததும் சுண்டல் செய்கிறோம். அது தொடக்கம் மட்டுமே. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வால் வர, எட்டு மணிக்கொரு முறை அலசி, இரண்டு நாளாவது விட வேண்டும். கோடையில் முடிச்சுக்குள் சூடேறி வழவழப்பும் நாற்றமும் வந்தால் அது கிருமி வளர்ந்த அடையாளம். நல்ல முளையிலும் கிருமி கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம்: 2011-ல் ஜெர்மனியில் பரவிய கொடிய ஈ.கோலை நோய்க்கு வெந்தய முளைதான் காரணம். அதனால் ஆவியில் வேகவைத்தே சாப்பிடுங்கள்.

அதைவிட நல்லது, முளைத்த பயறை வேகவைக்கும்முன் அரைத்துவிடுவது. முளையில் நொதி பெருகியிருக்கிறது, அரைத்தால் சுவரும் உடைகிறது. அடைக்கோ பெசரட்டுக்கோ முளைப்பயறை அரைத்து, ஒரு மூடி எலுமிச்சைச் சாறு சேர்த்து, இரண்டு மூன்று மணி நேரம் வெளியே வைத்துப் பிறகு கல்லில் ஊற்றுங்கள். முழு முளையை உடனே ஆவியில் வைப்பதைவிட இதில் குறைவது அதிகம்.

இட்லி மாவு இந்த எல்லா நிபந்தனைகளையும் யாரும் கணக்குப் போடாமலே நிறைவேற்றுகிறது: பச்சையாக அரைப்பு, ராத்திரி முழுக்கப் புளிப்பு, அதற்குப் பிறகுதான் ஆவி. உளுந்தில் இருக்கும் ஃபைட்டேட்டில் ஒரு பகுதி இதில் போகிறது. ஆனால் தீட்டிய அரிசியில் மீட்பதற்கு இரும்பே கொஞ்சம்தான். இட்லியை ஃபைட்டேட் கணக்கில் கொண்டாடுபவர்கள் அரிசியில் ஒரு பங்கைக் கம்பாக மாற்றினால் அந்தப் புளிப்புக்கு ஒரு வேலை கிடைக்கும். மூன்றுக்கு ஒன்று கம்பு என்றால் மாவு பொங்குவதில் பெரிய குறை தெரியாது. இட்லி கொஞ்சம் சாம்பல் நிறமாக வரும்.

மிச்சம் இருப்பதற்கு

எவ்வளவு பக்குவமாகச் செய்தாலும் கொஞ்சம் ஃபைட்டேட் மிச்சம் இருக்கும். இரும்புக்கு அந்த மிச்சமே போதும் தடுக்க. அங்கே உதவுவது வைட்டமின் சி. அது இரும்பைக் கரைந்த நிலையில் தாங்கி, ஃபைட்டேட் பிடிக்காமல் பார்த்துக்கொள்கிறது. ஆனால் அதே வேளையில், அதே உணவோடு வயிற்றில் இருக்க வேண்டும். காலையில் கூழும் மாலையில் கொய்யாவும் என்றால் இரண்டும் சந்திப்பதில்லை. சூட்டிலும் அது அழியும், ஆகவே சுண்டலில் எலுமிச்சையை இறக்கிய பிறகு பிழியுங்கள். கூழுக்குத் தொட்டுக்கொள்ளும் மாங்காய்க் கீற்றும் பச்சை நெல்லிக்காயும் இந்த வேலையைச் செய்கின்றன. சின்ன வெங்காயத்தில் வைட்டமின் சி அதிகம் இல்லை. ஆனாலும் மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தினர் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், தானியத்தோடும் பருப்போடும் வெங்காயமோ பூண்டோ சேர்த்தபோது கரைந்து கிடைக்கும் இரும்பும் துத்தநாகமும் கூடின. அது செரிமானத்தைக் குடுவையில் நடத்திப் பார்த்தது, மனிதர்களிடம் இல்லை. அந்த அளவில் எடுத்துக்கொள்ளலாம்.

கடைசியில் காபி. 1983-ல் வெளியான ஆய்வு ஒன்றில், உணவோடு ஒரு கோப்பை காபி குடித்தவர்களுக்கு இரும்பு உட்கிரகிப்பு 39 சதவீதம் குறைந்தது. தேநீருக்கு 64 சதவீதம். அதே ஆய்வில் சாப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு காபி குடித்தால் குறையவே இல்லை. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தபோதோ, சாப்பாட்டோடு குடித்த அளவுக்கே குறைந்தது. விடிந்ததும் காபி, எட்டு மணிக்குக் கூழ் என்று இருக்கும் வீட்டில் மாற்ற எதுவும் இல்லை. கூழ் குடித்த கையோடு டம்ளரை நீட்டுகிற வீட்டில், போர்வை சுற்றி வைத்த அந்தப் பதினாறு மணி நேரத்தில் கிடைத்ததில் ஒரு பங்கு அந்த டம்ளருக்குள் போய்விடுகிறது.